கேம்பஸ் டிரைவ் பற்றி பிளேஸ்மென்ட் ஆபீசருக்கு ஒரு குறுஞ்செய்தி: படிப்பை முடித்தவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

படிப்பு முடிந்துவிட்டது, கையில் வேலை இல்லை, கல்லூரிக்கு அடுத்த மாதம் கம்பெனிகள் வரப்போவதாக ஜூனியர்கள் சொல்கிறார்கள். இந்த நிலையில் பெரும்பாலானோர் பிளேஸ்மென்ட் ஆபீசருக்கு அனுப்புவது ஒரே வரிதான்: "சார், எங்களுக்கு ஏதாவது கம்பெனி வருதா?" இதற்குப் பதில் வராது, வந்தாலும் "குரூப்பைப் பாருங்கள்" என்பதோடு நின்றுவிடும். அவர் அலட்சியமாக இருப்பதால் அப்படி ஆவதில்லை. அந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது என்பதுதான் காரணம். வரப்போகும் ஒவ்வொரு கம்பெனிக்கும் எந்த பேட்ச், எந்தப் படிப்பு, எத்தனை சதவீதம், அரியர் இருக்கலாமா என்று தனித்தனி நிபந்தனைகள் உண்டு. உங்கள் விவரம் தெரியாமல் "வருது" என்றும் சொல்ல முடியாது, "வரல" என்றும் சொல்ல முடியாது.

கலை அறிவியல் கல்லூரிகளில் பிளேஸ்மென்ட் ஆபீசர் என்பவர் பெரும்பாலும் ஏதோ ஒரு துறையின் பேராசிரியர்தான். வகுப்பு எடுத்துக்கொண்டே இந்தப் பொறுப்பையும் பார்க்கிறார். கம்பெனியின் ஹெச்ஆர் அனுப்பிய மெயில் ஒரு பக்கம், மாணவர் விவரம் நிரம்பிய எக்ஸெல் ஷீட் இன்னொரு பக்கம் என்று வைத்துக்கொண்டு, இந்தப் பெயரைப் பட்டியலில் சேர்க்கலாமா கூடாதா என்று முடிவு செய்வதுதான் அவர் வேலை. அந்த முடிவை உங்களிடம் வேறு எதுவும் கேட்காமலே எடுக்கும்படி உங்கள் செய்தி இருக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான். 2026-ல் பட்டம் முடிக்கும் பி.எஸ்சி. கணினி அறிவியல் மாணவி ஒருவரின் செய்தியை எடுத்துக்காட்டாக வைத்துப் பார்ப்போம்.

முதலில் அறிவிப்பைப் படியுங்கள்

ஜூனியர் யாராவது அனுப்பிய அறிவிப்பின் படம் கையில் இருந்தால், அதில் "இயர் ஆஃப் பாஸிங்" என்ற வரியைத் தேடுங்கள். டிசிஎஸ் நடத்தும் ஸ்மார்ட் ஹயரிங், விப்ரோவின் வில்ப் போன்று பி.சி.ஏ., பி.எஸ்சி. மாணவர்களுக்கான திட்டங்களிலும் இந்த ஆண்டு நிபந்தனை உண்டு. அந்த வரியில் இருப்பதை வைத்துத்தான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி மாறும்.

அறிவிப்பில் 2026, 2027 இரண்டும் இருந்தால் கேள்வியே தேவையில்லை, பெயரைச் சேர்க்கும்படி கேட்டால் போதும். ஆண்டு எதுவும் போடவில்லை என்றால், படிப்பு முடித்தவர்களும் வரலாமா என்று கேளுங்கள். 2027 மட்டும் என்று இருந்தால் "எனக்கு மட்டும் ஒரு வாய்ப்பு கொடுங்க சார்" என்று கேட்பது வீண். பேட்சை முடிவு செய்வது கம்பெனி, ஆபீசர் அல்ல. ஆனால் அதே நாளில் வேறொன்றைக் கேட்கலாம்: 2026 பேட்சுக்கும் திறந்துவிட்டால் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிர்பார்த்த அளவு ஆட்கள் பதிவு செய்யாதபோது முந்தைய பேட்சையும் அனுப்பச் சொல்லி ஹெச்ஆர் கடைசி நேரத்தில் கேட்பது உண்டு. அன்று மாலைக்குள் பட்டியல் போக வேண்டியிருக்கும். யாருடைய விவரம் ஏற்கெனவே முழுதாக ஆபீசரிடம் இருக்கிறதோ அவர்கள் பெயர்தான் அதில் ஏறும்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் என்ற சிக்கல்

பெரும்பாலான கம்பெனிகள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் மூன்றிலும் சதவீதம் கேட்கும். மூன்றிலும் 60 என்பது அடிக்கடி பார்க்கும் நிபந்தனை. இங்கேதான் 2026-ல் மூன்றாண்டுப் பட்டம் முடிக்கும் தமிழ்நாட்டு மாணவர்களுக்குத் தனிச் சிக்கல் இருக்கிறது. இவர்களில் பலர் 2021-ல் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள். அந்த ஆண்டு கொரோனாவால் பொதுத்தேர்வு நடக்கவில்லை, எல்லோருக்கும் தேர்ச்சி அறிவித்தார்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்களின் சான்றிதழில் மதிப்பெண்ணே இல்லை, தேர்ச்சி என்று மட்டுமே இருக்கும். அதே ஆண்டு சிபிஎஸ்இ-யில் படித்தவர்களுக்குப் பள்ளி உள்மதிப்பீட்டை வைத்து மதிப்பெண் கொடுத்தார்கள். ஆகவே ஒரே வகுப்பறையில் உட்கார்ந்த இருவரில் ஒருவரிடம் எண் இருக்கும், இன்னொருவரிடம் இருக்காது.

கம்பெனியின் படிவத்தில் அந்தக் கட்டம் எண்ணை மட்டுமே ஏற்கும். அவசரத்தில் சிலர் 100 என்று போடுகிறார்கள், சிலர் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணை எழுதுகிறார்கள், சிலர் பன்னிரண்டாம் வகுப்புச் சதவீதத்தையே மறுபடி போடுகிறார்கள். எண் இருப்பதால் படிவம் அதை ஏற்றுக்கொள்ளும். சிக்கல் பிறகு சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் வரும்: படிவத்தில் 88, சான்றிதழில் எண்ணே இல்லை. பொய்த் தகவல் என்ற காரணம் ஒன்று போதும், தேர்வான பிறகும் பெயர் போய்விடும். 0 போட்டால் வேறு வினை, கணினியே முதல் சுற்றில் தள்ளிவிடும்.

ஆகவே செய்தியில் "10ஆம் வகுப்பு: 2021, மாநிலப் பாடத்திட்டம், தேர்ச்சி மட்டும், மதிப்பெண் இல்லை" என்று உள்ளபடி எழுதுங்கள். ஆபீசருக்கு இது புதிதாக இருக்காது. உங்கள் பேட்ச் முழுவதற்கும் இதே நிலை என்பதால், அந்தக் கட்டத்தில் என்ன போடுவது என்று அவர் ஹெச்ஆரிடம் ஒரே மெயிலில் கேட்டு வாங்க முடியும். அவர் சொல்லும் எண் எதுவோ அதை எல்லோரும் ஒரே மாதிரி போட வேண்டும். அந்தப் பதிலை நீங்களும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சரிபார்ப்பு மேசையில் காட்ட உதவும்.

பட்டத்தின் சதவீதம் எது?

அடுத்த குழப்பம் இது. நம் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் பட்டத்தில் பகுதி 1 மொழிப்பாடம், பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3 முதன்மைப் பாடமும் அலைட் பாடமும், அதற்குப் பிறகு மற்றவை என்று பிரித்திருப்பார்கள். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று நாம் வழக்கமாகச் சொல்வது பகுதி 3-ஐ வைத்துத்தான். மாணவரும் அந்த எண்ணையே மனதில் வைத்திருப்பார். ஆனால் கம்பெனி "எல்லா செமஸ்டரிலும் எல்லாப் பாடமும் சேர்த்து" என்று கேட்டிருக்கலாம். தமிழிலும் ஆங்கிலத்திலும் மதிப்பெண் குறைந்தவருக்கு இந்த இரண்டு எண்களும் 3, 4 சதவீதம்கூட விலகி நிற்கும். 60 என்ற கோட்டுக்கு அருகில் இருப்பவருக்கு அந்த வித்தியாசமே எல்லாம்.

இரண்டையும் கணக்கிட்டு, எது எது என்று பெயர் போட்டு எழுதுங்கள். ஒவ்வொரு செமஸ்டர் மார்க் ஷீட்டிலும் எழுதிய எல்லாப் பாடங்களின் மதிப்பெண்ணையும் கூட்டி, அவற்றின் மொத்த உச்ச மதிப்பெண்ணால் வகுத்து, 100-ஆல் பெருக்கினால் ஒன்று வரும். பகுதி 3 பாடங்களை மட்டும் எடுத்து அதையே செய்தால் மற்றொன்று. ஆறு செமஸ்டர் சதவீதங்களைக் கூட்டி 6-ஆல் வகுக்காதீர்கள். செமஸ்டருக்குச் செமஸ்டர் பாட எண்ணிக்கை மாறுவதால் அது தவறான விடையைத் தரும்.

மேலே தள்ளி முழுமையாக்கவும் வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பில் 600-க்கு 358 எடுத்தவருக்கு 59.66 சதவீதம். அதை 60 என்று எழுதினால் செய்தியில் ஒரு எண், மார்க் ஷீட்டில் இன்னொரு எண் என்றாகிவிடும். 59.66 என்றே எழுதுங்கள். ஏற்பதா இல்லையா என்று ஆபீசர் ஹெச்ஆரைக் கேட்டுச் சொல்வார்.

அரியரை மறைக்காதீர்கள்

இப்போது நிலுவையில் அரியர் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. முன்பு எப்போதாவது இருந்ததா என்பது வேறு கேள்வி. முதலாவதை ஸ்டாண்டிங் அரியர் என்றும் இரண்டாவதை ஹிஸ்டரி ஆஃப் அரியர் என்றும் கம்பெனி மெயிலில் பார்க்கலாம். முதலாவதை மட்டும் கேட்கும் கம்பெனிகளும் உண்டு, இரண்டையும் கேட்கும் கம்பெனிகளும் உண்டு. "நோ அரியர் சார்" என்று மட்டும் எழுதினால் எதைச் சொல்கிறீர்கள் என்று தெரியாது. அவர் திரும்பிக் கேட்பதற்குள் பட்டியல் போய்விடும். "இப்போது அரியர் இல்லை. 3ஆம் செமஸ்டரில் ஒன்று இருந்தது, 4ஆம் செமஸ்டரில் தேறிவிட்டேன்" என்று எழுதினால் இரண்டு கேள்விக்கும் பதில் ஆகிவிடுகிறது. மறுமதிப்பீட்டுக்குப் போட்டிருந்தால் எந்தப் பாடம், முடிவு வந்ததா என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

செய்தியை எழுதுவது

வாட்ஸ்அப்பில் செய்தியைத் திறக்கும் முன்பே அதன் தொடக்கம் மட்டும் திரையில் தெரியும். அந்த இடத்தில் "ஹாய் சார்" என்றோ "குட் மார்னிங் சார்" என்றோ மட்டும் இருந்தால் அது வாழ்த்துச் செய்திகளோடு கலந்துவிடும். வணக்கம், பெயர், படிப்பு, பேட்ச் ஆகியவை முதல் வரியிலேயே வரட்டும். வணக்கத்தை மட்டும் அனுப்பிவிட்டு அவர் பதில் போட்ட பிறகு விஷயத்துக்கு வரலாம் என்று காத்திருப்பது அவருக்கும் உங்களுக்கும் அரை நாளை வீணாக்கும்.

மாணவி முதலில் எழுதி வைத்தது இப்படி இருந்தது என்று வைத்துக்கொள்வோம்:

> வணக்கம் சார், எப்படி இருக்கீங்க? நான் கவிதா. நம்ம காலேஜ்ல இந்த மாசம் நிறைய கம்பெனி வருதுன்னு கேள்விப்பட்டேன். எனக்கு இன்னும் வேலை கிடைக்கல சார், வீட்டுல ரொம்ப கஷ்டம். ஏதாவது கம்பெனிக்கு என் பேரைச் சேர்த்துக்கோங்க சார். எந்த வேலையா இருந்தாலும் ஓகே. ரெஸ்யூமே எப்படி போடணும்னும் சொல்லுங்க. ப்ளீஸ் சார்.

இதில் உள்ள கஷ்டம் உண்மை, அதைச் சொல்வதில் தவறும் இல்லை. ஆனால் எந்தக் கவிதா என்று தெரியவில்லை. எந்தக் கம்பெனி என்று தெரியவில்லை. ஒரு எண்கூட இல்லை. சேர்ப்பது, ரெஸ்யூமே என்று இரண்டு வேண்டுகோள்கள் இருப்பதால், எளிதானதற்கு மட்டும் பதில் வந்து முக்கியமானது விட்டுப்போகும். "எந்த வேலையா இருந்தாலும் ஓகே" என்பதும் உதவாது. இரவு ஷிப்ட், வெளியூர், வாய்ஸ் பிராசஸ் என்று கேட்டவுடன் பின்வாங்குபவர்களை ஆபீசர் நிறையப் பார்த்திருப்பார். எதற்குத் தயார் என்று குறிப்பாகச் சொல்பவரையே நம்பி அனுப்புவார்.

திருத்திய செய்தி இது:

> வணக்கம் சார். ர. கவிதா, பி.எஸ்சி. கணினி அறிவியல், பி பிரிவு, 2023–26 பேட்ச். பதிவு எண்: ________
>
> 15ஆம் தேதி வரும் சாஃப்ட்வேர் கம்பெனி டிரைவுக்குப் படிப்பு முடித்த 2026 பேட்ச் மாணவர்களும் வரலாமா சார்?
>
> 10ஆம் வகுப்பு: 2021, மாநிலப் பாடத்திட்டம், தேர்ச்சி மட்டும், மதிப்பெண் இல்லை.
> 12ஆம் வகுப்பு: 2023, 412/600, 68.66%.
> பட்டம்: 6 செமஸ்டர் முடிவும் வந்துவிட்டது. பகுதி 3: 71.8%. எல்லாப் பாடமும் சேர்த்து: 68.4%.
> இப்போது அரியர் இல்லை. 3ஆம் செமஸ்டரில் ஒன்று இருந்தது, 4இல் தேறிவிட்டேன்.
>
> வேறு ஆஃபர் எதுவும் கையில் இல்லை. சென்னை, கோவை, பெங்களூருவில் வேலைக்குச் சேர முடியும். இரவு ஷிப்ட் முடியாது.
> ரெஸ்யூமே இணைத்திருக்கிறேன். நன்றி சார்.

கேள்வி ஒன்றுதான், அதுவும் இரண்டாம் பத்தியிலேயே வந்துவிடுகிறது. "வரலாம்" அல்லது "இல்லை" என்ற ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடலாம். கீழே உள்ள வரிகளை அவர் அப்படியே எக்ஸெல் ஷீட்டில் ஏற்றலாம். ஆபீசர் பெண் என்றால் மேடம் என்று மாற்றிக்கொள்ளுங்கள், உங்கள் கல்லூரியில் ஆங்கிலத்தில்தான் எழுதும் வழக்கம் என்றால் இதே வரிசையில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். லேட்டரல் என்ட்ரியில் டிப்ளமோ முடித்து வந்தவர்கள் 12ஆம் வகுப்புக்குப் பதில் டிப்ளமோ சதவீதத்தைப் போட வேண்டும். படிப்பில் இடையே ஓர் ஆண்டு விட்டுப்போயிருந்தால் எந்த ஆண்டு என்று சொல்லிவிடுங்கள்.

ஏற்கெனவே ஒரு ஆஃபர் இருந்து சேரும் தேதி வராமல் தள்ளிக்கொண்டே போகிறது என்றால், அதை மறைத்து "ஆஃபர் இல்லை" என்று எழுத வேண்டாம். ஒருவருக்கு ஒரு வேலை என்ற விதியைப் பல கல்லூரிகள் வைத்திருக்கின்றன. உங்கள் பெயர் ஷீட்டில் "பிளேஸ்டு" என்று இருக்கும்போது நீங்கள் ஆஃபர் இல்லை என்று சொன்னால் நம்பிக்கை போய்விடும். "ஆஃபர் லெட்டர் வந்தது, சேரும் தேதி இன்னும் சொல்லவில்லை" என்று எழுதினால், விதிவிலக்கு உண்டா என்று பார்க்க அவருக்கு வழி கிடைக்கும்.

ரெஸ்யூமேயும் மெயில் முகவரியும்

ரெஸ்யூமே பிடிஎஃப் ஆகவே இருக்கட்டும். மார்க் ஷீட்டுகளின் புகைப்படங்களைக் கேட்காமல் அனுப்ப வேண்டாம். கோப்பின் பெயர் `resume final new.pdf` என்று இருந்தால் அவருடைய போனில் அதே பெயரில் பத்து கோப்புகள் இருக்கும். `Kavitha_BSc_CS_2026.pdf` என்பது போல் வைத்தால் தேடி எடுக்க முடியும்.

கல்லூரி கொடுத்த மெயில் முகவரியைப் படிப்பு முடிந்த சில மாதங்களில் மூடிவிடுவது உண்டு. ரெஸ்யூமேயில் அந்த முகவரி இருந்தால் தேர்வுக்கான லிங்க் உங்களுக்கு வராமலே போகும். சொந்த முகவரிக்கு மாற்றுங்கள். பதிவுக்கான கூகுள் ஃபார்மும் சில சமயம் கல்லூரி முகவரியில் நுழைந்தவர்களுக்கு மட்டுமே திறக்கும். அப்படி நேர்ந்தால் "ஃபார்ம் திறக்கவில்லை" என்று மட்டும் சொல்லாமல், கல்லூரி முகவரி மூடப்பட்டுவிட்டதால் அனுமதி இல்லை என்று வருகிறது என்று சொல்லி, திரையின் படத்தையும் அனுப்புங்கள். உங்கள் பெயரை நேரடியாக ஷீட்டில் சேர்ப்பதா, ஃபார்மின் அமைப்பை மாற்றுவதா என்று அவர் பார்த்துக்கொள்வார்.

எப்போது அனுப்புவது, பதில் வராவிட்டால்

வேறொரு கம்பெனியின் டிரைவ் நடக்கும் நாளில் அனுப்ப வேண்டாம். அன்று காலையிலிருந்து அவர் அரங்கத்திலும் ஹெச்ஆருடனும் ஓடிக்கொண்டிருப்பார், உங்கள் செய்தி கீழே போய்விடும். அதற்கு அடுத்த நாள் காலை நல்ல நேரம். இரவு 10 மணிக்குமேல் அனுப்புவதும், ஒரே செய்தியைக் குரூப்பிலும் தனியாகவும் போடுவதும் வேண்டாம்.

இரண்டு வேலை நாள் காத்திருங்கள். அப்போதும் பதில் இல்லை என்றால், பழைய செய்தியைச் சுட்டி "சார், 15ஆம் தேதி டிரைவுக்கு 2026 பேட்ச் வரலாமா என்று கேட்டிருந்தேன். பதிவு நாளை மாலை முடிகிறது" என்று மட்டும் போடுங்கள். முழு விவரத்தையும் மறுபடி ஒட்ட வேண்டாம். பதிவு இன்றே முடிகிறது என்றால் செய்தியை நம்பாமல் மதிய உணவு இடைவேளையில் போன் செய்யுங்கள். பெயர், பேட்ச், கம்பெனி, கேள்வி என்று நான்கையும் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டு, விவரம் வாட்ஸ்அப்பில் இருக்கிறது என்று முடித்துக்கொள்ளலாம்.

"வரலாம்" என்று பதில் வந்தால் அன்றே ஒரு வரி எழுதுங்கள்: "நிச்சயம் வருகிறேன் சார்." பிறகு ஏதோ காரணத்தால் வர முடியாமல் போனால் முந்தைய நாளே சொல்லிவிட வேண்டும். 40 பேர் வருவார்கள் என்று ஹெச்ஆரிடம் சொல்லி 22 பேர் வந்து நின்றால், அடுத்த முறை முந்தைய பேட்சைச் சேர்க்கலாமா என்று கேட்கவே ஆபீசர் தயங்குவார். அந்தத் தயக்கத்தின் விலையை உங்கள் வகுப்புத் தோழர்கள் கொடுக்க வேண்டியிருக்கும்.

டிரைவுக்குப் போகும்போது எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டும், புரொவிஷனல் சான்றிதழ் வந்திருந்தால் அதுவும், ஆதாரும், ரெஸ்யூமே மூன்று பிரதியும் கையில் இருக்கட்டும். கடைசி செமஸ்டர் மார்க் ஷீட் இன்னும் வரவில்லை என்றால் பல்கலைக்கழக இணையதளத்தில் வந்த முடிவை அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

தேர்வானாலும் இல்லாவிட்டாலும் மறுநாள் முடிவைச் சொல்லுங்கள். வேலை கிடைத்திருந்தால் ஆஃபர் லெட்டரின் பிரதியையும் அனுப்புங்கள், அது வெளியில் நீங்களே தேடிக்கொண்ட வேலையாக இருந்தாலும் சரி. என்ஐஆர்எஃப் தரவரிசைக்கும் நாக் மதிப்பீட்டுக்கும் எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள் என்று கல்லூரி கணக்குக் காட்ட வேண்டும், அதற்கு ஆதாரமாகக் கேட்பது இந்தக் கடிதத்தைத்தான். தேர்வாகவில்லை என்றால் எந்தச் சுற்றில் வெளியே வந்தீர்கள் என்று எழுதுங்கள்: "எழுத்துத் தேர்வு தேறினேன், டெக்னிக்கல் சுற்றில் எஸ்கியூஎல் கேள்விகளில் போய்விட்டது சார். அடுத்த டிரைவுக்கும் என் பெயரை வைத்துக்கொள்ளுங்கள்." ஷீட்டில் உங்கள் பெயருக்கு எதிரே "வேலை தேடுகிறார்" என்ற குறிப்பு அப்போது அப்படியே இருக்கும்.